நோட்டு நிறைய ‘வெரி குட்’, கணக்கு வராவிட்டால் கண்ணீர்

“என் மகளுக்கு 10 வயது. டீச்சர் எப்போதும் ‘வெரி குட்’, ‘நீ புத்திசாலி’ என்றே எழுதுகிறார். ஆனால் ஒரு கணக்கு வராவிட்டால் உடனே நோட்டை மூடிவிடுகிறாள். இன்னும் பாராட்ட வேண்டுமா?”

வேண்டாம். அளவு போதும், உள்ளே சரக்குதான் இல்லை. ‘வெரி குட்’ என்றால் எது குட்? கையெழுத்தா, விடையா, போட்ட வழியா? குழந்தைக்குத் தெரியாது. தெரியாததைத் திரும்பச் செய்யவும் முடியாது.

‘நீ புத்திசாலி’ இதைவிடச் சங்கடம். 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அடுத்து வேண்டுமென்றே கடினமான புதிர்கள்; எல்லோரும் சறுக்கினார்கள். பிறகு மறுபடி முதலில் கொடுத்த அளவுக்கே புதிர் வந்தபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள், உழைப்புக்குப் பாராட்டு பெற்றவர்கள் முன்னேறினார்கள். பட்டம் வாங்கியவர்களில் பத்தில் நால்வர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டியும் சொன்னார்கள். விடை வந்ததால் புத்திசாலி என்றால், வராவிட்டால் முட்டாள்தானே? உங்கள் மகள் நோட்டை மூடுவது அந்தப் பட்டத்தைக் காப்பாற்றத்தான்.

சரி, ‘முயற்சி அருமை’ என்றால் போதுமா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். 3/4 + 1/6 என்ற கணக்கில் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 4/10 என்று எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து போட்டது உண்மை, வழி தப்பு. அதற்கு ‘முயற்சி அருமை’ என்றால் தப்பான வழியிலேயே இன்னும் அரை மணி உட்காருவாள். இல்லையென்றால், ‘இவளால் இவ்வளவுதான் முடியும் என்று ஆறுதல் சொல்கிறார்’ என்று புரிந்துகொள்வாள். பிள்ளைகள் இதில் கெட்டி. ‘விடை முக்காலைவிடச் சின்னதாக வந்திருக்கிறதே, கூட்டினால் குறையுமா?’ என்று கேளுங்கள். அவளே பகுதியை 12 ஆக்கி, 9/12 + 2/12 = 11/12 என்று திருத்தினால் அப்போது பாராட்டுங்கள்: ‘பொதுப் பகுதி 24 என்று போகாமல் 12 என்று பிடித்தாயே, அது நல்ல வழி.’ ஒரு வரி போதும்.

ஸ்டிக்கர் தாள், ‘தன்னம்பிக்கைப் பயிற்சி முகாம்’, தினம் 20 பாராட்டு என்று அட்டவணை விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எளிய வேலைக்கு வானளாவப் புகழ்ந்தால், தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைதான் முதலில் கடினமானதை விட்டு ஒதுங்கும்.

டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாற்பது நோட்டும் ஒரே பீரியடும் கொடுத்துவிட்டு, எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்க்கும் நிர்வாகத்துக்கு ‘வெரி குட்’தான் கிடைக்கும். அவரிடம் எல்லா நோட்டுக்கும் கேட்காதீர்கள். வாரம் ஒரு கணக்குக்கு மட்டும், எந்தப் படி சரி என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.