எஃப்டி போட்டபோது ஆப் காட்டிய மெச்சூரிட்டி தொகை பிறகு ஏன் குறைகிறது?

கேள்வி: பேங்க் ஆப்பிலேயே 10 லட்சத்துக்கு எஃப்டி போட்டேன். அப்போது காட்டிய மெச்சூரிட்டி தொகை இப்போது குறைந்திருக்கிறது. வட்டியை மாற்றிவிட்டார்களா?

வட்டி மாறியிருக்காது. ஒருமுறை போட்ட எஃப்டிக்கு வட்டி விகிதம் முதிர்வு வரை அப்படியே இருக்கும். முதலில் ஆப் காட்டுவது டிடிஎஸ், அதாவது வட்டியிலிருந்து வங்கியே பிடித்துக் கட்டும் வருமான வரி, பிடிக்காத கணக்கு. பிறகு காட்டுவது பிடித்த கணக்கு.

உங்கள் தொகையையே வைத்துப் பார்ப்போம். 7% வட்டி, மூன்று வருடம், வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேர்க்கும் க்யூமுலேட்டிவ் வகை என்று கொள்வோம். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேர்ந்தால் முடிவில் 12,31,439 ரூபாய். 'கன்ஃபர்ம்' அழுத்தும் முன் திரையில் வருவது இந்த எண்தான்.

முதல் வருட வட்டி மட்டும் 71,859 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஒரு நிதியாண்டில் ஒரே வங்கியின் டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10% டிடிஎஸ். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். பணம் இன்னும் கைக்கு வரவில்லையே என்று தோன்றும். ஆனால் சேர்ந்த வட்டிக்கே வருடாவருடம் வரி பிடிப்பார்கள். அந்த வரியை எஃப்டியிலிருந்தே எடுத்தால், அடுத்த காலாண்டின் வட்டி குறைந்த தொகைக்குத்தான் கணக்காகும். அதனால் கடைசியில் கிடைப்பது 12 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம். குறைந்ததில் சுமார் 23,000 வரியாகப் போனது. மீதி இரண்டாயிரத்துச் சொச்சம், அந்த வரிப்பணம் உள்ளேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டி.

சில வங்கிகள் டிடிஎஸ்ஸை சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும். அப்போது மெச்சூரிட்டி தொகை குறையாது, சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் டெபிட் தெரியும். ஆகவே எஃப்டி விவரப் பக்கத்தில் சேர்ந்த வட்டி, பிடித்த டிடிஎஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிடிஎஸ் சேர்ந்த வட்டியில் பத்தில் ஒன்றாக இல்லாமல் ஐந்தில் ஒன்றாக இருந்தால், உங்கள் பான் வங்கியில் பதிவாகவில்லை அல்லது செயலிழந்திருக்கிறது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அதை உடனே சரிசெய்யுங்கள்.

பிடித்த 10% உங்கள் முழு வரியும் அல்ல. 20% அல்லது 30% வரி ஸ்லாபில் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மீதியைக் கட்ட வேண்டும். வரியே வராது என்றால் முழுவதையும் ரீஃபண்டாகக் கேட்கலாம். அப்படிப்பட்டவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழியை, 15ஜி, 15எச் என்று நாம் பழகிய படிவத்தை, ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் வங்கிக்குத் தர வேண்டும். பல ஆப்களிலேயே அதற்கு வசதி உண்டு. ஒரு வருடம் தந்தது அடுத்த வருடத்துக்குச் செல்லாது.