கெட்ட வார்த்தைக்குச் சிரிக்கும் கூட்டம் எப்போது முகம் சுளிக்கிறது?

"ரோஸ்ட் ஷோவில் அசிங்கமாகத் திட்டினாலும் சிரிக்கிறோம். சில ஜோக்குக்கு மட்டும் ஏன் கூசுகிறது?"

கெட்ட வார்த்தையால் கூசுவதில்லை. கோவையில் ஒரு சின்ன அரங்கில் நான் பார்த்தது இது. மேடையில் இருந்தவர் தன் வங்கிக் கடனைப் பற்றிப் பச்சையாகப் பேசினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் முன்வரிசையில் இருந்தவரிடம், "ஏனுங்ணா, என்ன தொழிலுங்க?" என்றார். திருப்பூரில் பனியன் கம்பெனி என்றார் அவர். "ஊருக்கே தெச்சுக் குடுத்துட்டு, உங்களுக்கு ஒரு சைஸ் பத்தலீங்களே!" இறுக்கமான சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் சிரித்தார். நம்ம ஊர்க் குசும்பு, சரி.

பதில் சொல்லும்போது அவருக்கு வாய் திக்கியது. மேடைக்காரர் அதை அப்படியே திக்கிக் காட்டினார். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் இரண்டு மூன்று பேர்தான் சிரித்தார்கள்; மற்றவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். கோடு தாண்டியதற்கு அந்தப் பார்வைதான் அடையாளம்.

சட்டை அவர் தேர்ந்தெடுத்தது, திக்குவாய் அப்படியில்லை. அவரிடம் மைக்கும் இல்லை. அமெரிக்க ரோஸ்ட்டுகளில் திட்டு வாங்குபவர் சம்மதித்துத்தான் உட்காருகிறார். கடைசியில் எல்லாருக்கும் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு முறை உண்டு. அதனால்தான் அங்கே எவ்வளவு மோசமான வார்த்தையையும் கூட்டம் தாங்குகிறது. டிக்கெட் வாங்கி வந்தவர் அப்படி எதற்கும் தலையாட்டவில்லை.