நாலு கையெழுத்தும் கூட்டுச் சதியும்: ஒரு ஸ்கிராப் லோடின் கணக்கு

கேள்வி: மணலியில் எங்களுக்கு இரும்பு உருக்கும் யூனிட் இருக்கிறது. ஸ்கிராப் லோடு வந்தால் கேட் செக்யூரிட்டி, எடைமேடை, ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் போகிறது. அப்படியும் ஆடிட்டர் தன் அறிக்கையில், உள்கட்டுப்பாட்டுக்கு இயல்பான வரம்புகள் உண்டு, கூட்டுச் சதி நடக்கலாம் என்று எழுதியிருக்கிறார். எங்கள் மேல் சந்தேகமா?

பதில்:

சந்தேகம் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டம், பிரிவு 143(3)(i)-இன் கீழ் உள் நிதிக் கட்டுப்பாடுகளைப் பற்றி ஆடிட்டர் தரும் அறிக்கையில் அந்தப் பத்தி வழக்கமாகவே இடம்பெறும். நன்றாக நடக்கும் கம்பெனிக்கும் அதே வரிகள்தான். ஆனால் அதைச் சடங்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் எடைமேடையை வைத்தே அதில் சொல்லியிருப்பதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் தவறை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 50 தடவைக்கு ஒரு தடவை தவறு செய்கிறார், அவரைச் சரிபார்ப்பவரும் 50-க்கு ஒன்றைக் கோட்டைவிடுகிறார் என்றால், இருவர் கண்ணையும் தாண்டுவது 2,500-க்கு ஒன்றுதான். கட்டுப்பாட்டின் பலம் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர் நெரிசலில் சிக்கிய லாரிகள் ராத்திரி ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஸ்டோர்ஸில் சரக்கு வரவுச் சீட்டான ஜி.ஆர்.என் போடும் பையன் எடைச்சீட்டு வரும்வரை காத்திருக்காமல், டிரைவர் கொடுத்த பில்லிலிருந்து கிலோவை எடுத்து எழுதிவிடுவான். மறுநாள் அக்கவுண்ட்ஸில் பில்லையும் ஜி.ஆர்.என்-ஐயும் ஒப்பிட்டால் அச்சாகப் பொருந்தும், ஏனென்றால் ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்று எழுதப்பட்டது. இரண்டு சரிபார்ப்பு நடந்ததாகக் காகிதம் சொன்னாலும் நடந்தது ஒன்றுகூட இல்லை. சரக்கை வாங்கும் ஆளுக்குப் பில்லில் உள்ள அளவே தெரியக்கூடாது, அவர் எடைச்சீட்டை மட்டும் பார்த்து எழுத வேண்டும் என்று விதி வைப்பது இதனால்தான்.

தவறில் ஒரு நல்ல குணம் உண்டு. அது பெரும்பாலும் தடயம் விடும். 15,200 என்பதை 12,500 என்று தட்டினால் அடுத்த தாளோடு பொருந்தாது, யாராவது கேட்பார்கள். கூட்டுச் சதியில் எல்லாத் தாளையும் பொருந்த வைப்பதுதான் வேலையே. மோசடியால் வரும் பிழையைக் கண்டுபிடிக்காமல் போகும் அபாயம், சாதாரணத் தவறைவிட அதிகம் என்று தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 240 சொல்வதும் இதை வைத்துத்தான்.

இனி லோடுக்கு வருவோம். லாரி சரக்கோடு மேடை ஏறுகிறது: 24,200 கிலோ. இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது உண்மையான காலி எடை 9,400 ஆக இருக்க வேண்டும். டிரைவர் பின்சக்கரத்தை மேடையின் விளிம்பில், பாதி தரையில் ஊன்றுகிற மாதிரி நிறுத்துகிறார். மேடை 9,000 காட்டுகிறது. எடைமேடை ஆள் அது தெரிந்தும் சீட்டை எடுக்கிறார், பக்கத்தில் நிற்கும் செக்யூரிட்டி வேறு பக்கம் பார்க்கிறார். நிகர எடை 15,200 என்று அச்சாகிறது, வந்தது 14,800. ஸ்கிராப் கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் ஒரு லோடில் 14,000 ரூபாய். ஸ்டோர்ஸ்காரரும் அக்கவுண்ட்ஸ்காரரும் முழு யோக்கியர்களாகவே இருக்கலாம். அவர்கள் பார்க்கும் சீட்டு உண்மையான மெஷினில் வந்த உண்மையான சீட்டு. ஆர்டர், ஜி.ஆர்.என், பில் மூன்றும் பொருந்துகின்றன. அந்த ஒப்பீடு காகிதங்கள் ஒத்துப்போகின்றன என்று மட்டுமே சொல்லும், சரக்கு வந்ததா என்று சொல்லாது.

உருக்கும்போது கழிவு கூடுமே, அதில் தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லா லோடிலும் கை வைத்தால் தெரியும். உங்கள் கழிவு வழக்கமாக 8% என்றால், 15,200 வந்ததாக எழுதிய லோடில் அது 10.4% ஆகத் தெரியும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் மாதம் 60 லோடில் 10-இல் மட்டும் செய்வார்கள். 9 லட்சம் கிலோவில் 4,000 கிலோ, அதாவது அரை சதவீதத்துக்கும் கீழே. துரு, மண், ஈரம் என்று ஸ்கிராப்பின் தரம் மாறுவதிலேயே கழிவு 7.5 முதல் 9 வரை ஆடும் யூனிட்டில் அது காணாமல் போய்விடும். வருஷத்துக்குப் போவது 16,80,000 ரூபாய்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரே லாரி நம்பரின் காலி எடைகளை எல்லாத் தேதிக்கும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். டீசல் 200 லிட்டர் கூடினால் குறைந்தால் ஏறக்குறைய 165 கிலோ, அதற்கு மேல் கிளீனர், தார்பாய், கயிறு. 9,400-ஐச் சுற்றியே நிற்கும் வண்டி சில நாள் மட்டும் 9,000-க்கு இறங்கினால், அந்த நாட்களில் டூட்டியில் யார் என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் புது வண்டி அனுப்பும் சப்ளையரிடம் இது பலிக்காது. அப்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள காலி எடையோடு ஒப்பிடலாம், பாடி மாற்றிக் கட்டிய வண்டியில் அதுவும் சரியாக வராது.

இன்னொன்று, சில லோடுகளை முன்னறிவிப்பு இல்லாமல் மாதவரம் பக்கம் ஒரு பொது எடைமேடைக்கு உங்கள் ஆளோடு அனுப்பி, லோடும் காலியும் போட்டுப் பார்ப்பது. மாதம் 60-இல் 6 லோடை உண்மையிலேயே குலுக்கல் முறையில் எடுத்தாலும், கெட்ட 10-இல் ஒன்றுகூட அந்த 6-இல் விழாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 32%. மூன்று மாதத்தில் ஒரு மாதம் எதுவும் தெரியாமல் போகும். அறுபதையும் அனுப்பினால் பிடித்துவிடலாம், ஆனால் வாடகை, டீசல், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து திருட்டையே தாண்டலாம். அதனால்தான் எந்த நிர்வாகமும் ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்கிறது. எந்த லோடு போகும் என்பது எடைமேடைக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டால் ஆறும் வீண்.

இதையெல்லாம் தாண்டி ஒரு ஓட்டை மேலிடத்தில் இருக்கிறது. "லோடு வந்தாச்சு, பணத்தை இன்னிக்கே போட்டுடு, ஜி.ஆர்.என். அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதலாளி போன் செய்தால், எந்த கிளார்க் மறுப்பார்? நேர்மையான காரணத்துக்காகவே சொன்னாலும், ஜி.ஆர்.என். இல்லாமல் பணம் போகலாம் என்று ஆபீஸ் அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது. கட்டுப்பாட்டை வைத்தவரே அதை ஒதுக்கும்போது தடுக்கக் கீழே யாரும் இல்லை. ஆடிட்டரின் பத்தியில் கூட்டுச் சதிக்குப் பக்கத்திலேயே நிர்வாகத்தின் மீறலும் எழுதப்பட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

தணிக்கைத் தரங்கள் நியாயமான உறுதி என்று ஒன்றைத்தான் கேட்கின்றன. அது உயர்ந்த அளவு உறுதி, முழு உறுதி இல்லை. மார்ச் 31-இல் நன்றாக இயங்கிய கட்டுப்பாடு, ஏப்ரலில் எடைமேடை ஆள் மாறினால் அப்படியே இருக்கும் என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது. உங்கள் நாலு கையெழுத்தில் எடையைத் தானே பார்த்தவர்கள் எத்தனை பேர், தாளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். நீங்கள் சொன்ன முறைப்படி எடையைப் பார்ப்பது எடைமேடை ஆளும் செக்யூரிட்டியும் மட்டுமே. அவர்கள் இருவரையும் ஒரே ஷிஃப்டில் மாதக்கணக்கில் சேர்த்து வைக்காமல் மாற்றிப் போடுங்கள். காலி எடைப் பட்டியலை இந்த இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் மாதாமாதம் எடுக்கட்டும்.