‘முடியல’ என்று எழுதாதீர்கள், ‘செய்யறதில்லை’ என்று எழுதுங்கள்

கேள்வி: குன்னூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பள்ளியிலிருந்து கூடவே இருக்கும் நண்பன் ஒரு வேலை கேட்கிறான். எங்கள் இன்னொரு நண்பனுக்கு வரும் ஞாயிறு வரவேற்பு. சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சியில் இவன் எடுத்த ஒரு படத்தில் யாரோ ஒரு பெண்ணின் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்த முகத்தை மாப்பிள்ளையின் பழைய போட்டோவில் சேர்த்து, ‘பழைய காதலி’ என்று மண்டபத்துத் திரையில் போட வேண்டுமாம். பத்து நிமிடம் கழித்து உண்மையைச் சொல்லிவிடுவானாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘ஆல்பம் வேலை தலைக்கு மேல இருக்கு மச்சான், பார்க்கிறேன்’ என்று அனுப்பினேன். ‘வெள்ளிக்கிழமை கொடுத்தா போதும்டா’ என்கிறான். நட்பு கெடாமல் எப்படி மறுப்பது?
– பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: நீங்கள் அனுப்பிய செய்தியில் மறுப்பே இல்லை, தம்பி. வேலை அதிகம் என்றீர்கள், அவன் கெடுவைத் தள்ளிவைத்தான். அவன் பக்கம் அது நியாயமான பதில்தான். ‘சிஸ்டம் சரியில்லை’ என்றால் வேறு சிஸ்டம் ஏற்பாடு செய்வான். ‘முகம் சரியாக உட்காராது’ என்றால் வேறு கோணத்தில் இன்னொரு பெண்ணின் படத்தைத் தேடிக் கொண்டுவருவான், அது இன்னும் மோசம். சாக்கு என்பது தீர்த்துவைக்கக்கூடிய ஒரு சிக்கல். ஆகவே எத்தனை சாக்கு சொன்னாலும் கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி நீங்கள் அந்தப் படத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

அப்படி உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லாரும் மனசாட்சி இல்லாதவர்கள் அல்ல. சமூக உளவியலாளர் வனெஸ்ஸா போன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், ஒரு நூலகப் புத்தகத்தில் பேனாவால் ‘ஊறுகாய்’ என்று எழுதித்தரும்படி கேட்க வேண்டும். கேட்கப் போனவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது தப்பு என்று அவர்களுக்குத் தெரியும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து ‘மாட்டேன்’ என்று சொல்கிற அந்தச் சங்கடத்தைத்தான் தாங்க முடியவில்லை. அறியாத ஆளிடமே இப்படி என்றால், பள்ளி நாள் நண்பனிடம் கேட்கவே வேண்டாம். அதனால்தான் நேரில் பேசாமல் எழுதச் சொல்கிறேன். எழுதும்போது அவன் முகம் எதிரில் இல்லை, நடுவில் குறுக்கிடவும் ஆள் இல்லை.

எழுதுகிற கடிதத்தில் காரணம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மூன்று காரணம் எழுதினால் அவற்றில் வலுக்குறைந்ததைப் பிடித்துக்கொண்டு அவன் வாதாடுவான். உங்கள் காரணம் அந்தப் பெண். மாப்பிள்ளை உங்கள் ஆள். கோபித்தாலும் நாளைக்குச் சிரிப்பான். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் வழியில்லை. பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். அந்தப் பத்து நிமிடத்தில் பெண் வீட்டார் யாராவது திரையை மொபைலில் பிடித்து அனுப்பிவிட்டால், படம் போய்ச் சேரும் இடத்துக்கெல்லாம் ‘சும்மா விளையாட்டு’ என்ற அறிவிப்பு கூடவே போகாது. வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அழித்தாலும் தனியாகச் சேமித்துவைத்த பிரதி அழியாது. இதில் உங்கள் கைத்திறனே எதிரி. சாதாரண ஆள் செய்தால் கழுத்தோரம் வெட்டு தெரியும், பூங்காவின் மூடுபனி வெளிச்சத்தில் எடுத்த முகம் ஃபிளாஷ் அடித்த படத்தில் ஒட்டாமல் நிற்கும். நீங்கள் நிழல் விழும் பக்கத்தையும் தோல் நிறத்தையும் சரிசெய்து, படத்தின் பொடிப்பொடியான கிரெயின் வரை பொருத்திவிடுவீர்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உங்களிடம் வந்து கேட்பதே அதற்காகத்தான்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 336(4) பிரிவின்படி, ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு, அல்லது அதற்குப் பயன்படும் என்று தெரிந்தே, மின்னணுப் பதிவைப் போலியாக உருவாக்கினால் 3 ஆண்டு வரை சிறை. விளையாட்டு என்ற வாதம் எடுபடுமா என்பது அப்புறம். கேள்வி முதலில் வருவது உருவாக்கியவரிடம்தான். ஆனால் இதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். நண்பனுக்கு அது மிரட்டலாகத்தான் படும், பேச்சு அந்தப் பெண்ணை விட்டுவிட்டு ‘யாரு கேஸ் போடப்போறா’ என்று திரும்பிவிடும்.

இனி வார்த்தை. ‘முடியல’ என்றால் உங்களுக்கு ஏதோ தடை இருக்கிறது, நீங்கினால் செய்வீர்கள் என்று பொருள். ‘மாட்டேன்’ நேர்மையானது, ஆனால் நண்பர்களுக்குள் அதற்கு அடுத்த வார்த்தை ‘ஏன், பெரிய ஆளாயிட்டியா?’ என்று வரும். ‘செய்யறதில்லை’ என்று சொன்னால் அது இவனுக்காகப் போட்ட தடையில்லை, யார் கேட்டாலும் உங்கள் வழக்கம் இதுதான் என்று ஆகிறது. இப்படி எழுதலாம்:

> மச்சான், அந்தப் படத்தை நான் செய்யலடா. முன்னாடி வேலை அதிகம்னு சொன்னது சாக்கு, அதை விட்டுடு. அந்தப் பொண்ணு யாருன்னு நமக்குத் தெரியாது, அவங்ககிட்ட நாம கேக்கவும் இல்ல. கேக்காம ஒருத்தர் முகத்தை எடுத்து நான் ஒட்டறதில்லை, யார் சொன்னாலும். உன்கிட்ட இருக்கற அந்தப் படத்தையும் அழிச்சிடு. மாப்ளைய கலாய்க்கணும்னா நான் ரெடி. நம்ம ஆறு பேர் முகத்தையும் வெச்சு, கல்லாறுல இருந்து குன்னூருக்கு மலை ரயிலைப் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி பண்றேன். எஞ்சினுக்குப் பதிலா நாம. ஜன்னல்ல மாப்ளை. புதன்கிழமைக்குள்ள ஆறு பேரும் படம் அனுப்புங்க.

முதல் வரியிலேயே மறுப்பு வந்துவிடுகிறது. பழைய சாக்கைத் திரும்பப் பெறும் வரியை விட்டுவிடாதீர்கள், இல்லாவிட்டால் அவன் அதைப் பிடித்துக்கொண்டே பேசுவான். ‘மன்னிச்சிடுடா’ எங்கும் இல்லை. தப்பு செய்யாதபோது மன்னிப்புக் கேட்டால் பேரம் பேச இடம் கிடைத்துவிடும். மாற்று யோசனை சும்மா ஆறுதலுக்காக இருக்கக் கூடாது. நம் மலை ரயிலைக் கல்லாறு முதல் குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும் என்பது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும், அதனால் எல்லாருக்கும் சிரிப்பு வரும். படத்தில் இருப்பவர்களும் நீங்களே.

பதிலுக்கு அவன் ‘முகத்தை மட்டும் கொஞ்சம் மங்கலாக்கிடலாம்’ என்று இறங்கி வருவான். ஆடை, தலைமுடி, நிற்கிற தோரணை இவற்றைவைத்தே தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்போது புதிதாக எதையும் விளக்காமல், ‘தெரியாதவங்க படத்துல நான் கை வைக்கறதில்லடா, நம்ம படத்தை அனுப்பு’ என்ற ஒரே வரியை இரண்டு தடவை சொல்லுங்கள். மூன்றாவது தடவை கேட்டால் பதில் எழுத வேண்டாம். ‘நீ செய்யலன்னா செயலியில நானே பண்ணிக்கறேன்’ என்று சொன்னால்தான் விஷயம் மாறுகிறது. அப்போது போனை எடுத்துப் பேசுங்கள். ‘அப்படிப் பண்ணினா ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே மாப்ளைகிட்ட சொல்லிடுவேன்’ என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள், சொன்னால் செய்யவும் வேண்டும். சில நாள் முகம் கொடுக்காமல் இருப்பான். மண்டபத்தில் நீங்களே போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள், படத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

இன்னொரு வேலை பாக்கி. அவன் அனுப்பிய படம் இப்போது உங்களிடமும் இருக்கிறது. சாட்டில் அழித்தால் மட்டும் போதாது. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் Downloads கோப்புறையையும் Recycle Bin-ஐயும் பாருங்கள், மொபைல் கேலரியைப் பாருங்கள். Google Photos-இல் காப்புப்பிரதி ஆகியிருந்தால் அழித்த பிறகும் 60 நாள் Trash-இல் கிடக்கும், அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள். கடிதத்தை அனுப்பும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.