எண்ணில் ஒன்று, எழுத்தில் ஒன்று: எது செல்லும்?

"பாம்பனில் வள்ளத்துக்கு என்ஜின் வாங்கக் கடன் வாங்கினேன். ஒப்பந்தத்தில் எண்ணில் ரூ.2,50,000, எழுத்தில் 'இரண்டு லட்சத்து ஐந்தாயிரம்'. எழுத்தில் உள்ளதைக் கட்டினால் போதுமா?"

வணக்கம் ஐயா. உங்கள் கையில் இருப்பது புரோநோட்டாக இருந்திருந்தால், 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18இன்படி எழுத்தில் உள்ள தொகையே செல்லும். கடன் ஒப்பந்தத்துக்கு அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. பொதுவாக எழுத்துக்கே முதலிடம் என்றாலும், ஆவணத்தின் மற்றப் பகுதிகளையும் நீதிமன்றம் சேர்த்துப் படிக்கும்.

எனவே தவணைப் பகுதியைப் பாருங்கள். வட்டி தனியாக இருந்து, அசல் மாதம் ரூ.10,000 வீதம் 25 தவணை என்றிருந்தால், பெருக்கிய தொகை 2,50,000 ஆகிறது. உங்கள் வங்கிக் கணக்கிலும் அதே தொகை வரவாகியிருந்தால், 'ஐம்பதாயிரம்' என்பது 'ஐந்தாயிரம்' ஆகிவிட்ட எழுத்துப் பிழை என்றே முடிவாகும். அந்த 45,000 ரூபாயை மறுப்பது நிற்காது, நியாயமும் ஆகாது என்பது என் கருத்து. மாறாக, வரவானது 2,05,000 மட்டுமே என்றால் வங்கிப் பதிவேடு உங்களுக்கு வலுவான சான்று.

எப்படியாயினும், எழுத்தின் மேல் எழுதித் திருத்த எவரையும் விடாதீர்கள். சரியான தொகையைக் குறிப்பிட்டு, இருவரும் கையொப்பமிட்ட திருத்த ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர் மறுத்தால், இருதரப்புப் பிழையைத் திருத்தக் கோர 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பிரிவு 26 இடமளிக்கிறது.