இழுபடும் வலையும் கடல் எல்லையும்: வாசகர் கேள்விகள்

வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நமது 200 மைலுக்குள் போனது. கடற்படை ஏன் மறிக்கவில்லை? (திருக்கடலூர்)

போவது குற்றமில்லை. கரையின் வற்றுநீர்க் கோட்டிலிருந்து 12 கடல்மைல் வரை ஆட்புலக் கடல். அங்கே முழு ஆட்சியும் நம்முடையது. அதற்கப்பால் 200 மைல் வரையான பிரத்தியேக பொருளாதார வலயத்தில் மீனும் மற்ற வளங்களும் நம்முடையவை, கடல்வழி எல்லோருக்கும் பொது. அந்தக் கப்பல் வலை போட்டிருந்தால் கதை வேறு. அப்போது ஜி.பி.எஸ். புள்ளியையும் நேரத்தையும் குறித்து, உடனே வானொலியில் அறிவியுங்கள்.

பல நாட்படகில் வடக்கே போகிறோம். 200 மைல் வரை தொழில் செய்யலாமா? (கிண்ணியா)

கூடாது. இந்தத் தவறான நம்பிக்கையால்தான் படகுகள் பிடிபடுகின்றன. இரு நாடுகளின் வலயங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் 200 என்ற கணக்கு செல்லாது. வங்கக் கடலில் இந்தியாவும் இலங்கையும் 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையில் எல்லைக் கோட்டை வகுத்துவிட்டன. திருகோணமலைக்கு நேர் வடக்கே ஏறக்குறைய 130 கடல்மைலில் அந்தக் கோடு வருகிறது. மேற்கே போகப் போக அது தெற்கே சரிகிறது. ஆகவே மேற்கே இழுபட்டாலும் கோட்டை நெருங்குவீர்கள்.

கோட்டுக்கு 6 மைல் தெற்கே மாலை ஆறு மணிக்குச் சூரைக்கு வலை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படகு வலையோடு கட்டுண்டு மிதக்கிறது. நீரோட்டம் மணிக்கு ஒரு மைல் வடக்கே. அதிகாலை நான்கு மணிக்கு வலை ஏறி முடியும்போது 10 மைல் நகர்ந்திருப்பீர்கள். கோட்டைத் தாண்டி 4 மைல். இயந்திரம் ஓடவில்லை என்பது உண்மைதான், ஆனால் வலை அந்த நாட்டு மீனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வலை விடுமுன் இயந்திரத்தை நிறுத்தி, அரை மணி நேர இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறியுங்கள். அகலக்கோட்டில் ஒரு கலை, அதாவது ஒரு நிமிடம், ஒரு கடல்மைல். அரைக் கலை வடக்கே நகர்ந்திருந்தால் நீரோட்டம் மணிக்கு ஒரு மைல். வலை கிடக்கும் மணிகளால் அதைப் பெருக்கி, மேலும் 5 மைல் சேர்த்து, கோட்டுக்கு அவ்வளவு தூரம் தெற்கே நின்று வலையை விடுங்கள். இந்தக் கணக்கில் அது 15 மைல். ஓட்டம் இரவில் மாறலாம், அதனால் நடுஇரவிலும் ஒருமுறை பாருங்கள்.

கடல்மைலும் தரை மைலும் ஒன்றா? (நிலாவெளி)

இல்லை. ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். கருவி கிலோமீற்றரில் காட்டுகிறதா என்று புறப்படுமுன் பாருங்கள்.

பிடிபட்டால் சிறையா? (மூதூர்)

எந்தக் கடலில் பிடிபட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சாசனத்தின் 73ஆம் பிரிவின்படி, பொருளாதார வலயத்தில் செய்த மீன்பிடிக் குற்றத்துக்கு, நாடுகள் வேறுவிதமாக உடன்பட்டிருந்தாலொழிய, சிறைத் தண்டனை விதிக்கக்கூடாது. நியாயமான பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விடவேண்டும். 12 மைலுக்குள் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே எந்தப் புள்ளியில் பிடிபட்டீர்கள் என்பதே வழக்கின் உயிர். கருவியின் பயணப் பதிவை அழிக்காதீர்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.