‘அர்ஜென்ட்’ என்று போட்டும் ஏன் திறக்கவில்லை?

‘கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ‘அர்ஜென்ட்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினாலும் மேலாளர் மெயிலைத் திறப்பதே இல்லை. மரியாதையாகவும் இருக்க வேண்டும், அவசரமும் புரிய வேண்டும். எப்படி எழுதுவது? (துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அம்மாவின் கண்புரை ஆபரேஷன் பற்றி ‘அர்ஜென்ட் - அம்மா’ என்று அனுப்பியதற்கு அவரும் கோபித்துக்கொண்டார்.)’
- ஒரு வாசகி

மேலாளர் இருக்கட்டும். அண்ணன் விஷயத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, அதைப் பேசுவோம். கடல் தாண்டி இருக்கும் மகனுக்கு ‘அர்ஜென்ட் - அம்மா’ என்று வந்தால் அவர் என்ன நினைப்பார்? உள்ளே விஷயத்தைப் படிக்கும்வரை அவர் பட்ட பாட்டை யோசித்தீர்களா? கண்புரை ஆபரேஷன் பெரும்பாலும் நாள் பார்த்துச் செய்வது. தொலைவில் இருப்பவரைப் பதறவிடாமல் சேதி சொல்வது வீட்டில் இருப்பவரின் கடமை. அதில் நீங்கள் தவறிவிட்டீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள்.

தலைப்பு இப்படி இருந்திருக்கலாம்: ‘அம்மா கண்புரை ஆபரேஷன் 24 புதன், லீவு கிடைக்குமா? 18க்குள் சொல்லுங்க அண்ணா.’ என்ன விஷயம், என்றைக்கு, அவர் என்ன செய்ய வேண்டும், எதற்குள் என்று நான்கும் வந்துவிட்டன. பயமுறுத்த எதுவும் இல்லை. நிஜமாகவே அம்மாவுக்கு முடியவில்லை என்றால் மெயில் எதற்கு? போன் போடுங்கள்.

மேலாளரிடமும் இதே கோளாறுதான். ‘அர்ஜென்ட்’ என்பது உங்கள் பதற்றத்தைச் சொல்கிறது, அவருடைய வேலையைச் சொல்வதில்லை. தினமும் அதையே பார்ப்பவருக்கு அது கண்ணில் படாமலே போய்விடும். உதாரணத்துக்கு, மே மாத ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய ஜூன் 20 கடைசி நாள். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவருக்கு இப்படி அனுப்புங்கள்: ‘ஒப்புதல் வேண்டும், 18 வியாழன் மாலை 4க்குள்: மே ஜிஎஸ்டிஆர்-3பி.’ போனில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும். அதனால் அவர் செய்ய வேண்டியதும் நேரமும் முதலில் வரட்டும். ‘இன்றைக்குள்’ என்று எழுதாதீர்கள், அவர் மறுநாள் திறந்தால் அது எந்த ‘இன்று’? கெடுவை 20க்கு இரண்டு நாள் முன்பே வையுங்கள், திருத்தம் வந்தால் செய்ய நேரம் இருக்கும். ‘தயவுசெய்து’, ‘நன்றி’ எல்லாம் உள்ளே எழுதிக்கொள்ளலாம். தலைப்பில் மரியாதை என்பது, திறக்காமலே அவருக்கு விஷயம் புரிவதுதான்.

அப்புறம், பழைய மெயிலுக்கே பதில் போட்டுப் புது விஷயத்தை அனுப்புகிற வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏப்ரல் மாதத் தலைப்பின் கீழ் மே மாதக் கணக்கு கிடந்தால் அதை யார் திறப்பார்கள்?

வியாழன் நாலு மணிக்கும் பதில் இல்லையென்றால் இன்னொரு மெயில் வேண்டாம். எழுந்து அவர் மேஜைக்குப் போங்கள்.